பெட்டிகளும் கோடுகளும்

சாத்தாங்காட்டில் வசிக்கும் நண்பர் ஒருவர் தம் மகனின் பொறியியல் பாடக்குறிப்பிலிருந்து ஒரு பக்கத்தைப் புகைப்படம் எடுத்து நமக்கு அனுப்பியிருந்தார். இடமிருந்து வலமாகச் செல்லும் ஒரு கோடு. அதன்மேல் வரிசையாகச் சில பெட்டிகள். முதற்பெட்டியில் 0.95 என்றும் இரண்டாவதில் 0.90 என்றும் எழுதியிருந்தது. அதன்பின் கோடு இரண்டாகப் பிரிந்து, மேலொன்றும் கீழொன்றுமாக இருக்கும் இரு பெட்டிகளைக் கடந்து மறுபடி ஒன்று சேர்கிறது, அவ்விரண்டிலும் 0.95. கடைசிப் பெட்டியில் 0.90. படத்தின் அடியில் ஒரே கேள்வி: ஒவ்வொரு உறுப்பும் இயங்குவதற்கான நிகழ்தகவு தரப்பட்டுள்ளது; முழு அமைப்பும் இயங்குவதற்கான நிகழ்தகவு யாது?

விடை காண ஐந்து நிமிடம் போதும். ஆனால் இந்தப் படத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு கிளை சாத்தாங்காட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள எண்ணூர்க் கடற்கரை வரை வந்து சேர்கிறது. மேற்கே மணலியின் சுத்திகரிப்பு ஆலை, கிழக்கே திருவொற்றியூர், வடக்கே எண்ணூரின் உரத் தொழிற்சாலையும் துறைமுகங்களும் என்று சூழப்பட்ட ஊரில் வாழ்பவருக்கு இது வெறும் தேர்வுக் கணக்காக இருக்க முடியாது. ஆகவே கணக்கை முதலில் போட்டுவிட்டு, அது எங்கிருந்து வந்தது, எங்கே பொய்க்கிறது என்று பார்ப்போம்.

படத்திலுள்ள பெட்டிகளுக்கு நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம். நச்சுவாயு செல்லும் ஒரு குழாயில் கசிவு ஏற்பட்டால் மக்களைக் காக்க வேண்டிய ஏற்பாடு இது என்று கொள்வோம். முதற்பெட்டி, கசிவை உணரும் கருவி. இரண்டாவது, அந்த எச்சரிக்கையைப் பார்த்து முடிவெடுக்கும் பணியாளர். பிரிந்து சேரும் இரு பெட்டிகள், குழாயை அடைக்கும் இரு வால்வுகள். கடைசிப் பெட்டி, ஊரை எழுப்பும் அபாயச் சங்கு. எண்கள் யாவும் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. எந்த ஆலையின் அளவுகளும் அல்ல.

முதலில் வால்வு ஒன்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு உறுப்புகளும் வேலை செய்தால்தான் ஊர் தப்பும். இது தொடரிணைப்பு. நிகழ்தகவுகளைப் பெருக்க வேண்டும்: 0.95 × 0.90 × 0.95 × 0.90 = 0.731. தனித்தனியே பார்த்தால் எல்லாம் தொண்ணூறு விழுக்காட்டுக்குக் குறையாதவை. சேர்த்துப் பார்த்தாலோ நூறு முறைக்கு இருபத்தேழு முறை ஏற்பாடு கைவிட்டுவிடும்.

இப்போது இரண்டாவது வால்வைச் சேர்க்கிறோம். இரண்டில் ஒன்று அடைத்தாலும் போதும். இது பக்க இணைப்பு. இங்கே தோல்விகளைப் பெருக்க வேண்டும். ஒரு வால்வு தவறும் நிகழ்தகவு 0.05, இரண்டும் தவறுவது 0.05 × 0.05 = 0.0025. ஆகவே இரட்டை வால்வின் நம்பகத்தன்மை 0.9975. முழு அமைப்புக்கு 0.95 × 0.90 × 0.9975 × 0.90 = 0.768. இதுவே படத்தின் விடை.

செலவுசெய்து ஒரு வால்வைக் கூட்டியும் 0.731 என்பது 0.768 ஆகத்தான் உயர்ந்தது. அதே செலவை இரண்டாவது சங்குக்குச் செய்திருந்தால் கடைசிப் பெட்டி 0.99 ஆகி, முழு அமைப்பு 0.804ஐ எட்டியிருக்கும். ஏற்கெனவே வலுவாக இருப்பதை இரட்டிப்பதைவிட மெலிந்து கிடப்பதை இரட்டிப்பது நல்லது. பாடப்புத்தகம் இந்த இடத்தில் நிறைவடைகிறது. வரலாறு இந்த இடத்திலிருந்துதான் சிக்கலாகிறது.

*

நிகழ்தகவுகளைப் பெருக்கும் விதி பழையது. சூதாட்டக் கணக்குகளிலிருந்து பிறந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் ஓர் இயந்திரத்தின் உறுப்புகளுக்கு அதைப் பொருத்த வேண்டும் என்பது இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை பொறியாளர்களின் பழக்கத்தில் இல்லை. அவர்கள் நம்பியது சங்கிலி உவமையை. சங்கிலி இழுவையில் அறுந்தால் அதன் மிக மெலிந்த கண்ணியில்தான் அறும். எனவே மெலிந்த கண்ணியைத் தேடிப் பலப்படுத்தினால் போதும். சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் பாரந்தூக்கும் சங்கிலி வாங்க வருபவரும் இதைத்தான் சொல்வார். சங்கிலியைப் பொறுத்தவரை அது பெரிதும் சரியும்கூட.

ஜெர்மனியில் வி-1 என்னும் பறக்கும் குண்டை வடிவமைத்தவர்களில் ராபர்ட் லூஸர் முதன்மையானவர். தொடக்கச் சோதனைகளில் அக்குண்டுகள் திரும்பத் திரும்பத் தோற்றன. ஒவ்வொரு தோல்வியிலும் மெலிந்த உறுப்பைக் கண்டு சரிசெய்தார்கள். அடுத்த முறை வேறோர் உறுப்பு கைவிட்டது. எரிக் பியருஷ்கா என்னும் கணிதவியலாளரிடம் இச்சிக்கல் வந்தபோது, சங்கிலி உவமையே தவறு என்று அவர் காட்டியதாக இத்துறையின் வரலாறுகள் கூறுகின்றன. குண்டின் உறுப்புகள் ஒரே சுமையை இழுக்கும் கண்ணிகள் அல்ல. அவை ஒவ்வொன்றும் தனக்குரிய காரணத்தால், தனக்குரிய நேரத்தில் பழுதாகக்கூடியவை. எனவே முழுமையின் நம்பகத்தன்மை மிக மெலிந்த உறுப்பின் நம்பகத்தன்மைக்குச் சமமன்று. எல்லாவற்றின் பெருக்கற்பலனாகி, மிக மெலிந்த உறுப்பைக் காட்டிலும் தாழ்ந்து நிற்கும்.

இதன் கடுமை எண்ணிக்கை கூடும்போது தெரியும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாக இயங்கும் உறுப்பை எவரும் நல்ல உறுப்பு என்பர். அத்தகைய நூறு உறுப்புகளைத் தொடராக இணைத்தால் முழுமை இயங்கும் வாய்ப்பு 0.366. மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஒவ்வோர் உறுப்பையும் ஆயிரத்துக்கு ஒருமுறை மட்டுமே தவறுவதாகச் செய்தால் முழுமை 0.905 ஆகும். இதைப் பிற்காலத்தில் லூஸர் விதி என்றழைத்தார்கள். இந்த அறிவு எந்த ஆயுதத்துக்காகப் பிறந்தது என்பதையும் மறக்கலாகாது. அந்தக் குண்டுகள் லண்டன் வீடுகளின்மேல் விழுந்தன. அவற்றைத் தயாரித்த சுரங்க ஆலைகளில் வதைமுகாம் கைதிகள் மடிந்தனர்.

போருக்குப்பின் லூஸர் அமெரிக்கா சென்று ஏவுகணைத் துறையில் இவ்விதியைப் பரப்பினார். ராக்கெட் என்பது தொடரிணைப்பின் தூய வடிவம் என்பதால் அத்துறையில்தான் அது முதலில் வேரூன்றியது. நம் கரையிலும் அதற்குச் சான்று உண்டு. எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்கு அப்பாலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் பறத்தல் நிகழ்ந்தது. நான்கு அடுக்குகள். முதல் அடுக்கு செம்மையாக எரிந்தது. இரண்டாம் அடுக்கின் திசைக்கட்டுப்பாட்டுக்கான நைட்ரிக் அமிலம், சரிவர மூடாத ஒரு வால்வின் வழியே முன்னரே கசிந்துபோயிருந்தது. 317 விநாடிகளில் எல்லாம் முடிந்து ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. மற்ற அடுக்குகள் எத்தனை சிறப்பாகச் செய்யப்பட்டிருந்தன என்பது அன்று பொருட்டாகவில்லை. திட்ட இயக்குநரான அப்துல் கலாமும் அவருடைய குழுவும் அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று அதே ராக்கெட்டை வெற்றிகரமாகச் செலுத்தினார்கள்.

*

தொடரிணைப்பு பயமுறுத்தும் செய்தி என்றால் பக்க இணைப்பு ஆறுதல் தரும் செய்தி. நம்பத்தகாத உறுப்புகளைக் கொண்டு நம்பத்தகுந்த முழுமையைக் கட்டமுடியுமா என்ற கேள்வியை 1950களில் இருவேறு இடங்களில் எடுத்துக்கொண்டார்கள். கணிப்பொறியின் மூலவர்களில் ஒருவரான ஜான் வான் நியூமன் 1952இல் ஆற்றிய உரைகள் 1956இல் கட்டுரையாயின. அதே 1956இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எட்வர்ட் மூரும் கிளாட் ஷானனும், தரங்குறைந்த ரிலேக்களைக்கொண்டு தரமான சுற்றுகளை அமைப்பது பற்றி எழுதினார்கள். விடை: முடியும், போதிய எண்ணிக்கையில் அடுக்கினால் எந்த அளவுக்கும் நம்பகத்தன்மையை உயர்த்தலாம்.

மூரும் ஷானனும் காட்டிய இன்னொரு நுட்பம் நம் படத்தைப் படிப்பதற்கு இன்றியமையாதது. ஓர் உறுப்பு ஒரே விதமாகத்தான் பழுதாகும் என்பதில்லை. ரிலே மூட வேண்டியபோது மூடாமல் இருக்கலாம். திறந்திருக்க வேண்டியபோது தானாக மூடிக்கொள்ளவும் செய்யலாம். இரண்டைப் பக்கமாக இணைத்தால் முதற்குறை குறைகிறது, இரண்டாவது கூடுகிறது. தொடராக இணைத்தால் நேர் மாறாக நடக்கிறது. அவர்கள் நான்கு ரிலேக்களை எடுத்து, இரண்டிரண்டாகத் தொடரில் கோத்து, அவ்விரு கோவைகளையும் பக்கமாக இணைத்துப் பார்த்தார்கள். தனி ரிலே சரியாக மூடும் வாய்ப்பு 0.9, தவறாக மூடும் வாய்ப்பு 0.1 என்று வைத்தால், நான்கும் சேர்ந்த அமைப்பில் முதலாவது 0.964 ஆக உயர்கிறது, இரண்டாவது 0.02 ஆகச் சரிகிறது. இரண்டு குறைகளும் ஒருசேரக் குறைகின்றன.

இதை நம் குழாய்க்குக் கொண்டுவருவோம். குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக இரு வால்வுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. நேரில் சென்று பார்ப்பவர் இது தொடரிணைப்பு என்பார். ஆனால் படத்தில் அவை பக்க இணைப்பாக வரையப்பட்டிருந்தன. எது சரி? இரண்டுமே சரி. ஓட்டத்தை நிறுத்துவது நோக்கமென்றால் ஒரு வால்வு மூடினாலே போதும். ஆகவே தர்க்கத்தில் அது பக்க இணைப்பு, நம்பகத்தன்மை 0.9975. ஓட்டம் நடப்பது நோக்கமென்றால் இரண்டும் திறந்தாக வேண்டும், ஆகவே தொடரிணைப்பு. திறப்பதற்கான நிகழ்தகவும் 0.95 என்றால் முழுமை 0.9025. பாதுகாப்புக்கென்று சேர்த்த அதே வால்வு உற்பத்தியின் பார்வையில் ஓர் இடைஞ்சலாகிறது. ஆலைகளில் பாதுகாப்புக் கருவிகள் அணைத்துவைக்கப்படுவதற்கும் சுற்றுவழிக் குழாய்கள் போடப்படுவதற்கும் பின்னால் இந்தக் கணக்கும் உண்டு. நம்பகத்தன்மைப் படம் கருவிகள் நிற்கும் இடத்தைக் காட்டும் வரைபடமன்று. எது நடந்தால் வெற்றி என்று நாம் கொள்கிறோமோ அதன் படம். படத்தைக் காட்டுபவரிடம், "எதை வெற்றி என்று வைத்து வரைந்தீர்கள்?" என்று முதலில் கேட்க வேண்டும்.

*

இனி ஆறுதலின் மறுபக்கம். 0.05ஐ 0.05ஆல் பெருக்கினோமே, அந்தப் பெருக்கலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒன்று பழுதாவது மற்றொன்று பழுதாவதைப் பாதிக்கக்கூடாது. பள்ளிக் கணிதத்தில் இவற்றைச் சார்பிலா நிகழ்ச்சிகள் என்பார்கள். நாணயங்களையும் பகடைகளையும் பொறுத்தவரை நிபந்தனை தானாகவே நிறைவேறும். ஒரே அறையில், ஒரே உப்புக்காற்றில், ஒரே பணியாளரின் பராமரிப்பில் இருக்கும் இரு வால்வுகளுக்கு அது எப்படி நிறைவேறும்?

இந்திய வரலாற்றில் இக்கேள்விக்கு மிகத் தெளிவான விடை 1993 மார்ச் 31 விடியற்காலையில் கிடைத்தது. உத்தரப் பிரதேசத்தில் கங்கைக்கரையிலுள்ள நரோரா அணுமின் நிலையம். அதன் முதல் அலகு ஓடிக்கொண்டிருந்தது. அணு உலை நின்றபின்னும் எரிபொருளில் வெப்பம் ஊறிக்கொண்டே இருக்கும். அதைக் குளிர்விக்கத் தொடர்ந்து மின்சாரம் வேண்டும். ஆகவே இத்தகைய நிலையத்தில் மின்சாரத்துக்கு ஒரு வழி போதாது. வெளி மின்தொகுப்பு ஒன்று, சொந்த ஜெனரேட்டர் ஒன்று, அவை போனால் டீசல் ஜெனரேட்டர்கள், அதற்கும் பிறகு மின்கலங்கள். காகிதத்தில் வரைந்தால் அழகிய பக்க இணைப்பு. ஒவ்வொன்றும் நூற்றுக்கு ஐந்து முறை தவறும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், நான்கும் ஒருங்கே தவறும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஏறத்தாழ ஆறுதான்.

அன்று நான்கும் போயின. டர்பைனின் கடைசி வரிசைத் தகடுகளில் இரண்டு முறிந்தன. பெருஞ்சுழற்சியில் சமநிலை குலைந்து இயந்திரம் அதிர்ந்தது. ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் வெளியேறித் தீப்பற்றியது. மசகெண்ணெயும் சேர்ந்து எரிந்தது. தீ, கேபிள்கள் செல்லும் தட்டுகளைப் பற்றிக்கொண்டு பரவியது. வெவ்வேறு மின்வழிகளுக்கும் அவற்றின் கட்டுப்பாட்டுக்கும் உரிய கேபிள்கள், போதிய தீத்தடுப்பு இல்லாமல், அருகருகே ஒரே பாதையில் போடப்பட்டிருந்தன. டீசல் ஜெனரேட்டர்கள் எரியவில்லை; மின்கலங்களும் இருந்த இடத்தில் இருந்தன. அவற்றிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுசெல்ல வேண்டிய கம்பிகள்தாம் எரிந்துபோயின. ஏறத்தாழ 17 மணி நேரம் அந்த அலகு மின்சாரமின்றி இருந்தது.

உலை உடனே நிறுத்தப்பட்டது. கட்டுப்பாட்டு அறைக்குள் புகை புகுந்ததால் அதைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. நிறுத்தப்பட்ட உலை தானாக மீண்டும் உயிர்பெற்றுவிடாதபடி, பணியாளர்கள் கைவிளக்குகளோடு உலைக்கட்டடத்தின் மேலே ஏறி, போரான் கரைசல் இறங்குவதற்கான வால்வுகளைக் கையால் திறந்தார்கள். மின்சாரம் தேவைப்படாத, நேரடியாக டீசல் எஞ்சினால் ஓடும் தீயணைப்புப் பம்புகளைக்கொண்டு நீராவி உற்பத்திக் கலன்களுக்குத் தண்ணீர் அனுப்பினார்கள். உலைக்குள் வெப்ப வேறுபாட்டாலேயே நீர் தானாகச் சுழன்று வெப்பத்தை வெளியேற்றியது. கதிர்வீச்சு வெளியேறவில்லை. சர்வதேச அணு நிகழ்வு அளவுகோலில் இது 3ஆம் நிலை என்று வகைப்படுத்தப்பட்டது.

நரோராவைக் காத்தது எது என்று பார்த்தால் ஒரு பாடம் தெரிகிறது. கேபிள் தட்டின் வழியே செல்லும் நான்கு மின்வழிகளும் சேர்ந்து செய்ய முடியாததை, அந்தத் தட்டைச் சாராத ஒரு டீசல் பம்பும் சில மனிதர்களின் கால்களும் செய்தன. எத்தனை வழிகள் என்பதைவிட, அவை எந்த அளவுக்கு வேறுவேறானவை என்பதே முக்கியம். இப்பாடம் புதியதும் அன்று. 1975 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிரௌன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தில், காற்றுக்கசிவு இருக்கிறதா என்று மெழுகுவத்திச் சுடரால் சோதித்துக்கொண்டிருந்தபோது கேபிள்கள் தீப்பற்றின. பாதுகாப்பு அமைப்புகள் பல ஒரே நேரத்தில் செயலிழந்தன. மாற்றுவழிகளின் கேபிள்களைப் பிரித்துப்போட வேண்டும் என்ற விதிகள் அதையொட்டி அங்கே வந்தன. பதினெட்டு ஆண்டுகள் கழித்து நரோராவில் அதே பாடத்தை மறுபடி கற்க வேண்டியிருந்தது.

இதைக் கணக்குக்குள் கொண்டுவரும் எளிய வழியொன்றை 1970களின் நடுவில் கார்ல் ஃபிளெமிங் என்னும் அமெரிக்கப் பொறியாளர் முன்வைத்தார். ஓர் உறுப்பின் பழுதுகளில் ஒரு பங்கு, தன் இணையையும் சேர்த்து வீழ்த்தும் பொதுக்காரணத்தால் வருவது என்று கொள்ள வேண்டும். நம் வால்வின் பழுது 0.05. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.005, பொதுக்காரணத்தால் வருவது என்போம். தனிப்பட்ட காரணங்களால் வருவது 0.045. இரண்டும் தனித்தனிக் காரணங்களால் தவறும் வாய்ப்பு 0.045 × 0.045 = 0.002, பொதுக்காரணத்தால் தவறுவது 0.005, கூட்டினால் 0.007. பாடப்புத்தகம் சொன்னது 0.0025. தோல்வி ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது. மூன்றாவதாக ஒரு வால்வைச் சேர்த்தால் தனிக்காரணப் பகுதி 0.0001 ஆகச் சுருங்கும், பொதுக்காரணத்தின் 0.005 மட்டும் அசையாமல் நிற்கும். பத்து வால்வுகளைச் சேர்த்தாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. படத்தில் பக்கமாக நிற்கும் பெட்டிகளுக்குப் பின்னால், எவரும் வரையாத ஒரு பெட்டி தொடராக நிற்கிறது என்பதே இதன் பொருள்.

*

2023 டிசம்பர் 26. ஆழிப்பேரலையின் பத்தொன்பதாம் நினைவு நாள். அன்று நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் எண்ணூரில் பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய மீனவ ஊர்களின் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் விழித்தார்கள். கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கரையருகே கசிவு. கப்பலிலிருந்து சரக்கு இறக்குவதற்கு முன் குழாயைக் குளிர்விக்கும் பணி நடந்துகொண்டிருந்த நேரம் அது. திரவ அம்மோனியா ஏறத்தாழ மைனஸ் 33 பாகையில் கொதிப்பதால், வெதுவெதுப்பான குழாய்க்குள் அதை நேரடியாக அனுப்ப இயலாது. முதலில் குழாயைக் குளிர்வித்தாக வேண்டும். மக்கள் இருட்டில் வீடுகளைவிட்டு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவீட்டில், ஆலை வாயிலருகே காற்றில் அம்மோனியா கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் இருந்தது, வரம்பு 400. கசிந்த இடத்தருகே கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம்; வரம்பு 5.

அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப்போட்டிருந்தது. கடலடியில் குழாயைச் சூழ்ந்திருந்த பாறைகளைப் புயல் பெயர்த்ததால் குழாய் சேதமுற்றிருக்கலாம் என்று விபத்தை ஆராய்ந்த குழு கருதியது. அதே புயலின் வெள்ளத்தில்தான் மணலியிலிருந்து எண்ணெய் கலந்த நீர் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, படகுகளையும் அலையாத்திகளையும் கருக்கியது. தனித்தனி ஆலைகள், தனித்தனி அனுமதிகள், தனித்தனி ஆபத்து மதிப்பீடுகள். புயலுக்கு மட்டும் அந்தப் பிரிவினை தெரியவில்லை. இரண்டு கோப்புகளில் இரண்டு சிறிய எண்களாக இருந்தவை, வடசென்னையின் கரையில் வாழ்பவருக்கு ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தன.

நம் படத்துக்கு இங்கே மற்றொரு குறையும் வெளிப்படுகிறது. படத்தில் எண்கள் பெட்டிகளுக்குள் மட்டுமே இருக்கின்றன. பெட்டிகளை இணைக்கும் கோடுகளுக்கு எண் கிடையாது; அவை ஒருபோதும் அறாதவை, அதாவது நிகழ்தகவு 1 என்று கேளாமலே கொள்ளப்பட்டிருக்கிறது. நரோராவில் பெட்டிகளான டீசல் ஜெனரேட்டர்கள் பழுதாகவில்லை, கோடுகளான கேபிள்கள் எரிந்தன. எண்ணூரில் உடைந்தது பம்போ தொட்டியோ அன்று. இரண்டுக்கும் நடுவே கடலடியில் கிடந்த கோடு. கண்ணுக்குத் தெரியும் கருவிக்குப் பராமரிப்பு அட்டவணை இருக்கும், பொறுப்பாளர் இருப்பார். மணலுக்கும் நீருக்கும் அடியில் கிடக்கும் குழாய்க்கு, புயல் ஓய்ந்த மறுவாரம் மூழ்குநர் இறங்கிப் பார்த்தாலன்றி, நேற்றைய எண் இன்றும் பொருந்துமா என்று எவராலும் சொல்ல இயலாது. உறுப்பின் நிகழ்தகவு கல்வெட்டன்று. கடைசிச் சோதனைக்குப்பின் கழிந்த ஒவ்வொரு நாளும், கடந்த ஒவ்வொரு புயலும் அதைத் தேய்க்கிறது.

இதனால் பெருக்கல் விதி பயனற்றது என்றாகாது. அது இல்லாவிட்டால் பத்துப் பெட்டிகளின் முன் நாம் மெலிந்த கண்ணியைத் தேடிக்கொண்டே இருப்போம். ஆனால் அது தரும் விடை மேல் எல்லை மட்டுமே. பொதுக்காரணங்களையும் கோடுகளையும் சேர்த்தால் ஊரின் பாதுகாப்பு எனும் எண் அதற்குக் கீழேதான் இருக்கும். எவ்வளவு கீழே என்பதை ஆலையின் வரைபடத்தில் அன்றி அது நிற்கும் நிலத்திலும் கடலிலும்தான் தேட வேண்டும்.

ஆகவே மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் இத்தகைய படம் காட்டப்பட்டு, நிகழ்தகவு பத்து லட்சத்தில் ஆறு என்று சொல்லப்படும்போது கேட்பதற்கு மூன்று கேள்விகள் உண்டு. பக்கமாக வரைந்த இரண்டும் ஒரே அறையிலா, ஒரே தட்டிலா, ஒரே வெள்ளமட்டத்துக்குக் கீழா? கோடுகளைக் கடைசியாகப் பார்த்தது எப்போது? கடைசிப் பெட்டியான அபாயச் சங்கு நள்ளிரவில் குப்பத்துக்குக் கேட்கிறதா, கேட்டால் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று அங்குள்ள குழந்தைக்குத் தெரியுமா? மூன்றாவது கேள்விக்கு இல்லை என்பது விடையானால், முதற்பெட்டியின் வேலையை உறங்கிக்கொண்டிருக்கும் மனிதரின் மூக்கும் கண்ணும் செய்ய வேண்டியதாகிறது. அந்தப் பெட்டிக்கு மாற்று கிடையாது.